‘அப்புறம் சொல்கிறோம்’ என்றவருக்கு எழுதும் கடைசிச் செய்தி

கேள்வி: ஐயா, கோவையில் ஒரு கம்ப்ரசர் விற்பனை நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக விற்பனைப் பொறியாளராக இருக்கிறேன். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் பழைய கம்ப்ரசருக்குப் பதிலாக 37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர் வேண்டும் என்று கேட்டார்கள். மே தின விடுமுறையில் நேரில் போய் காற்றுக் கசிவை அளந்து கொடுத்தேன். 13.4 லட்சத்துக்கு விலைப்புள்ளி கொடுத்து, அவர்கள் கேட்டபடி ஒரு முறை திருத்தியும் கொடுத்தேன். மே கடைசியில் “முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்கிறோம்” என்றார் கொள்முதல் மேலாளர். அதோடு சரி. ஆறு வாரமாகப் பதில் இல்லை. ஒன்பது முறை அழைத்துவிட்டேன். இப்போது எடுப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுகிறது. “1ஆம் தேதி முதல் விலை 8 சதவீதம் ஏறுகிறது, உடனே உறுதி செய்யவும்” என்று கடைசியாக ஒரு செய்தி அனுப்பு என்கிறார் என் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மரியாதையாக முடித்துக்கொள்ளவும் வேண்டும், பின்னால் அவர்கள் வந்தால் வழியும் இருக்க வேண்டும். என்ன எழுதுவது?

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். அந்த 8 சதவீதச் செய்தியை அனுப்பாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன், அந்தக் கொள்முதல் மேலாளர் ஏன் போனை எடுப்பதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். அது பிடிபட்டுவிட்டால் எழுத வேண்டியது தானாக வந்துவிடும்.

நம் ஊரில் வியாபாரத்தில் ‘வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. ‘பார்க்கலாம்’, ‘சொல்லி அனுப்புகிறோம்’, ‘ஆடி கழியட்டும்’ என்பார்கள். காரணம் தாட்சண்யம். நீங்கள் மே தினத்தன்று, ஊரே விடுமுறையில் இருந்தபோது, அவர்கள் ஆலைக்குப் போய் அரை நாள் நின்று கசிவை அளந்து கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் “முதலாளி வேண்டாம் என்றுவிட்டார்” என்று சொல்ல அந்த மேலாளருக்கு நா எழவில்லை. முதல் அழைப்பை எடுக்காதபோது அவருக்குச் சிறிய கூச்சம்தான் இருந்திருக்கும். இரண்டாவதையும் எடுக்கவில்லை என்றதும் கூச்சம் கூடியது. ஒன்பதாவது அழைப்பில் உங்கள் பெயரைத் திரையில் பார்ப்பதே அவருக்குச் சங்கடம். இப்போது முதலாளி சரி என்று சொல்லிவிட்டால்கூட, ஆறு வாரமாக முகம் கொடுக்காத ஆளிடம் எப்படித் திரும்பப் பேசுவது என்று தயங்குவார். அந்தத் தயக்கத்திலேயே வேறு ஒரு விற்பனையாளரை அழைத்துவிடுவார். இப்படி நடந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே, கதவு அவருடைய பக்கத்தில்தான் சாத்தியிருக்கிறது. அவர் மேல் ஏறியிருக்கும் அந்தக் கடனை இறக்கி வைப்பதுதான் உங்கள் கடைசிச் செய்தி செய்ய வேண்டிய வேலை. ஆர்டர் கேட்பது அதன் வேலை இல்லை. பதில் வாங்குவதுகூட அதன் வேலை இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், எந்த வரி இருக்க வேண்டும், எந்த வரி கூடாது என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. பேச்சு உண்மையிலேயே நின்றுவிட்டதா, அல்லது ஆலைக்குள் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்தான். திருத்திய விலைப்புள்ளி கொடுத்த பிறகு அவர்கள் பக்கத்திலிருந்து யாராவது கம்ப்ரசர் அறையின் அளவு, கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர், சூடான காற்று வெளியேறும் குழாயை எங்கே கொண்டுபோவது, முன்பணம் எத்தனை சதவீதம் என்று கேட்டார்களா? இயந்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்கிறவர்கள் வாங்குகிற நினைப்பில் இருப்பவர்கள். விலையை மட்டும் கேட்டுவிட்டு அமைதியானால், உங்கள் விலைப்புள்ளியை வேறொருவரோடு பேரம் பேசப் பயன்படுத்தியிருக்கக்கூடும். ஆலையின் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் மே தினத்தன்று உங்களோடு நின்றிருப்பார் இல்லையா? அவரிடம் ஒரே ஒரு முறை பேசுங்கள். “பழைய கம்ப்ரசர் எப்படி ஓடுகிறது அண்ணா, எண்ணெய் மாற்றினீர்களா?” என்று கேளுங்கள். ஆர்டரைப் பற்றிக் கேட்காதீர்கள். அவரே சொல்லுவார். “நூல் விலை சரியில்லை, எல்லாச் செலவையும் முதலாளி நிறுத்தி வைத்திருக்கிறார்” என்பார். அல்லது “வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது” என்பார். இயந்திரம் வரப்போவது உறுதி என்று தெரிந்தால் கடைசிச் செய்தியே வேண்டாம், காத்திருங்கள். மற்ற எந்தப் பதிலாக இருந்தாலும் எழுதிவிடலாம். ஒன்று, அவர் சொன்னதை உங்கள் செய்தியில் வெளிக்காட்டாதீர்கள். ஃபோர்மேனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

இனி அந்த 8 சதவீதம். விலை உண்மையிலேயே ஏறுகிறது, தயாரிப்பு நிறுவனத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது என்றால் அதைச் சொல்லலாம். அதையும் மே மாதமே சொல்லியிருக்க வேண்டும். மிரட்டுவதற்காகச் சொல்லும் விலையேற்றம் வேறு. அவர்கள் ஆகஸ்ட்டில் திரும்பி வந்து “பழைய விலைக்கே கொடுங்கள்” என்று கேட்டால் உங்கள் நிறுவனம் கொடுக்காமலா விடும்? கொடுத்த நிமிடமே, நீங்கள் சொன்ன தேதி பொய் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் டெலிவரி தேதியையும் மின்சார மிச்சக் கணக்கையும் அவர் ஏன் நம்ப வேண்டும்?

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். வேலைக்குச் சேர்ந்து நான்காவது ஆண்டு. ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்கு இயந்திரம் பேசிக்கொண்டிருந்தேன். இழுத்துக்கொண்டே போனார்கள். “கிடங்கில் ஒரே ஒரு இயந்திரம்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்” என்று எழுதினேன். வேறு ஆள் யாரும் இல்லை. மூன்று வாரம் கழித்து அந்த முதலாளியின் மகன் ஏதோ உதிரிபாகம் வாங்க எங்கள் கிடங்குக்கு வந்திருக்கிறார். அந்த இயந்திரம் அங்கேயே, தார்ப்பாய் போர்த்தியபடி நின்றிருக்கிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. உதிரிபாகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அந்தக் குடும்பத்தின் மூன்று பட்டறைகளில் ஒன்றிலும் எனக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று. ஒரு இயந்திரத்தை விற்பதற்காகச் சொன்ன ஒரு வரி, மூன்று வாசல்களை அடைத்தது.

ஆனால் உங்கள் கையில் பொய் சொல்லாமலே சொல்லக்கூடிய ஒரு தேதி இருக்கிறது. நம் தொழிலில் விலைப்புள்ளி என்றால் பெரும்பாலும் 30 நாள்தான் செல்லும். உங்களுடையதின் அடியிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். மே கடைசி வாரத்தில் திருத்திக் கொடுத்தது ஜூன் கடைசி வாரத்தோடு காலாவதியாகிவிட்டது. அதை நடந்து முடிந்த செய்தியாகச் சொல்லுங்கள்: “காலம் முடிந்துவிட்டது.” இதில் மிரட்டல் எதுவும் இல்லை. அடுத்த முறை அன்றைய விலைதான் என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

தள்ளுபடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 8 சதவீதம் வேண்டாம் என்றால் உங்கள் மேலாளர் அடுத்து இதைத்தான் சொல்வார். “கடைசியாக 40,000 குறைத்துக் கேட்டுப் பார்” என்பார். செய்யாதீர்கள். ஆறு வாரம் வாய் மூடி இருந்ததற்கு 40,000 ரூபாய் பரிசு என்றால், கொள்முதல் மேலாளர் ஏழாவது வாரமும் வாய் மூடித்தான் இருப்பார். அதோடு, மே மாதத்தில் சொன்ன விலையில் அவ்வளவு கொழுப்பு இருந்ததா என்ற கேள்வியும் எழும். விலைதான் தடை என்றால் அதை அவர் பேரம் பேசும்போதே சொல்லியிருப்பார். ஒரு முறை திருத்தி வாங்கத் தெரிந்தவருக்கு இரண்டாவது முறை கேட்கத் தெரியாதா?

இப்போது செய்திக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம் ஐயா. உங்கள் ஆலைக்கு மே மாதம் கொடுத்த 37 கிலோவாட் கம்ப்ரசர் விலைப்புள்ளியின் காலம் ஜூன் கடைசி வாரத்தோடு முடிந்துவிட்டது. இதற்கு இப்போது நேரம் கூடிவரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் கோப்பை இன்று முடித்து வைக்கிறேன். இது சம்பந்தமாக இனி அழைக்க மாட்டேன்.

மே 1ஆம் தேதி அளந்த கசிவு விவரத்தையும், கசியும் இடங்களின் பட்டியலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெரும்பாலானவற்றை உங்கள் ஃபிட்டரே சரிசெய்துவிடலாம். எங்களிடமிருந்து எதுவும் வாங்கத் தேவையில்லை.

கம்ப்ரசர் அறையின் அளவும் குழாய்ப் படமும் எங்களிடம் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் ஒரு வரி சொல்லுங்கள். மறுபடி அளக்க வராமலே, இரண்டு நாளில் அன்றைய விலையை அனுப்பிவிடுகிறேன்.

விடுமுறை நாளில் ஆலையைத் திறந்து காட்டியதற்கு உங்களுக்கும் ஃபோர்மேன் அண்ணனுக்கும் நன்றி.”

அவ்வளவுதான். போனில் ஒரு முறை விரலால் தள்ளினால் முழுதும் படித்துவிடலாம். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். வேறு வாடிக்கையாளருக்கு எழுதும்போது நீங்கள் மாற்றி எழுத வேண்டியிருக்கும் அல்லவா?

‘நேரம் கூடிவரவில்லை’ என்பது மிக முக்கியமான வரி. அவர் சொல்ல முடியாமல் தவிக்கும் ‘இல்லை’யை அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். அதுவும் யார் மேலும் பழி விழாதபடி. முதலாளி மறுத்துவிட்டாரா, பணம் இல்லையா, வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களா என்று எதையும் கிளறவில்லை. “உங்கள் தரப்பிலிருந்து பதில் இல்லாததால்” என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அது புகார், கடனை இறக்குவதற்குப் பதிலாக இன்னும் ஏற்றிவிடும். “நான்கு முறை நேரில் வந்தேன்”, “எவ்வளவோ முயன்றேன்” என்பவையும் அப்படித்தான்.

‘இனி அழைக்க மாட்டேன்’ என்பது வாக்குறுதி. எழுதினால் காப்பாற்ற வேண்டும். காப்பாற்ற முடியாது, மாதக் கடைசியில் இலக்குக் குறைந்தால் மேலாளர் மறுபடி அழைக்கச் சொல்வார் என்றால், அந்த வரியை எழுதாதீர்கள். இந்தச் செய்தியையே அனுப்பாதீர்கள். கோப்பை முடித்துவிட்டதாக எழுதிய பத்தாவது நாள் “சும்மாதான் கூப்பிட்டேன்” என்று பேசும் ஆளைவிட, தொடர்ந்து நச்சரிக்கும் ஆளே மேல். அந்த ஆள் ஏமாற்றவாவது இல்லை.

கசிவு விவரத்தை இணைப்பதில் உங்களுக்குத் தயக்கம் வரலாம். அளவீட்டை மே மாதமே கொடுத்துவிட்டேனே என்பீர்கள். கொடுத்தது விலைப்புள்ளியின் பின்பக்கத்தில் ஒரு எண்ணாக இருந்திருக்கும், யார் படித்தார்கள்? இப்போது தனித் தாளில், ஃபிட்டர் கையில் எடுத்துக்கொண்டு போகும்படி எழுதுங்கள். எல்லா இயந்திரங்களும் நின்றிருந்தபோது கம்ப்ரசர் மட்டும் ஓடியது. காற்றை எடுப்பவர் யாரும் இல்லாதபோதும் அது 2 நிமிடம் ஏற்றி, 6 நிமிடம் ஓய்ந்து, மறுபடி 2 நிமிடம் ஏற்றியது என்று வைத்துக்கொள்வோம். 8 நிமிடத்தில் 2 நிமிடம், அதாவது கம்ப்ரசரின் கொள்ளளவில் கால் பங்கு கசிவுக்கே போகிறது. உங்கள் எண்கள் எதுவோ அதைப் போடுங்கள். அடுத்து இடங்கள்: எந்த ஆட்டோகோனர் வரிசையில் எந்த ஹோஸ் கிளிப், எந்த ரெகுலேட்டர், எந்த டிரெயின் வால்வு மூடாமல் கசிகிறது என்று. சோப்பு நீர் தடவிப் பார்த்தால் நுரை கட்டும் என்று ஒரு வரி. இதைச் சரிசெய்தால் அவர்களின் பழைய கம்ப்ரசரே இன்னும் ஓராண்டு தாக்குப்பிடிக்கலாம். உங்கள் விற்பனை தள்ளிப்போகலாம். இருந்தாலும் கொடுங்கள். அது அவர்கள் ஆலையின் விவரம். அவர்களிடம் இருக்க வேண்டியது. கசிவை அடைத்த பிறகு எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்தால் ஒருவேளை 30 கிலோவாட் இயந்திரமே போதுமானதாக இருக்கும். அந்தக் கணக்கை நீங்களே முதலில் சொன்னவராக இருப்பது நல்லதா, போட்டியாளர் சொல்லி நீங்கள் பெரிய இயந்திரத்தைத் தலையில் கட்டப் பார்த்தவராக ஆவது நல்லதா?

கொடுப்பதில் ஒரு எச்சரிக்கை. தூண்டிலாகக் கொடுக்காதீர்கள். “முழு அறிக்கை வேண்டுமானால் அழையுங்கள்” என்று பாதியைப் பிடித்து வைத்தால் அது இரை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல ‘எப்போதும் உங்கள் சேவையில்’ என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். அதைப் படித்து யாரும் திரும்பி வந்ததில்லை. திரும்பி வருபவருக்கு இரண்டு கவலைகள். பழைய பேச்சையெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? வந்தால் “ஏன் அப்போது பதில் சொல்லவில்லை” என்று கேட்பாரா? அறை அளவு இருக்கிறது, மறுபடி அளக்க வேண்டாம், இரண்டு நாளில் விலை வரும், ஒரு வரி போதும் என்ற வாக்கியம் முதல் கவலையைத் தீர்க்கிறது. கடைசியில் இருக்கும் நன்றி இரண்டாவதைத் தீர்க்கிறது. நன்றி எதற்கு என்று குறிப்பாகச் சொல்வதும் அதற்காகத்தான். விடுமுறை நாளில் அவர்களும் உங்களுக்காக வந்து ஆலையைத் திறந்தார்கள். உழைப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதை அது நினைவுபடுத்துகிறது.

செய்தியின் முடிவில் கேள்வி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். “உங்கள் கருத்து என்ன?”, “நாளை அழைக்கட்டுமா?” என்று எதையும் சேர்க்காதீர்கள். கேள்வி வைத்தால் அவர் பதில் கடன்பட்டவராகிவிடுகிறார், எழுதியதெல்லாம் வீண். ‘வேண்டும் என்றால் 1, பிறகு என்றால் 2, வேண்டாம் என்றால் 3 என்று அனுப்பவும்’ என்று எழுதும் பழக்கம் ஒன்று இப்போது பரவியிருக்கிறது. சில இளைய வாடிக்கையாளர்களிடம் அது பலிக்கும். வயதில் மூத்த கொள்முதல் மேலாளருக்கு அனுப்பினால், தேர்வுத்தாள் கொடுத்ததுபோல் இருக்கும்.

யாருக்கு அனுப்புவது? இதுவரை பேசிய மேலாளருக்கு மட்டும். முதலாளிக்கு நகல் போடாதீர்கள். “உங்கள் ஆள் பதில் சொல்லவில்லை” என்று அவரிடம் கோள் சொன்னதாகும். மேலாளர் விரும்பினால் அவரே முதலாளியிடம் காட்டுவார். காட்டும்படி எழுதியிருக்கிறீர்கள் என்பதே போதும். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதே செய்தியை வாட்ஸ்அப்பிலும் ஒரு முறை போடுங்கள். இணைப்பு நாளைக்குத் தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்கு மின்னஞ்சல். படிக்கப்பட வேண்டும் என்பதற்கு வாட்ஸ்அப். நீலக் குறி விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

எப்போது அனுப்புவது? ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. ஆடியில் புதிதாக எதையும் வாங்குவதில்லை என்ற வழக்கம் உள்ள ஆலைகள் உங்கள் பகுதியில் நிறைய உண்டு. ஆவணி வரை பொறுத்துவிட்டு அனுப்பலாமே என்று தோன்றும். நான் இப்போதே அனுப்பச் சொல்வேன். வாங்கச் சொல்லும் செய்திக்குத்தான் ஆடி தடை. இது முடித்து வைக்கும் செய்தி. பிறகு, ஆடி மாதம் முழுதும் உங்களிடமிருந்து அழைப்பு வராத அமைதி அவருக்குக் கிடைக்கும். நாள் என்று கேட்டால் புதன்கிழமை காலை பதினொரு மணி வாக்கில். திங்கள் காலை ஆலையில் மூச்சு விட நேரம் இருக்காது. புதனன்று ராகு காலம் பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, படிப்பவருக்கு இருக்கலாம். சென்ற வாரம் அழைத்திருந்தால் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். தவறவிட்ட அழைப்பின் சூட்டில் இந்தச் செய்தி போனால் கோபத்தில் எழுதியதாகவே படிக்கப்படும்.

அனுப்பிய பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். “வேறு இடத்தில் எடுத்துவிட்டோம், தவறாக நினைக்காதீர்கள்” என்று வரலாம். அதற்கு “சொன்னதற்கு நன்றி ஐயா, நல்லபடி ஓடட்டும்” என்று எழுதி, கூடவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விலையா, டெலிவரியா, சர்வீஸ் தூரமா, எது அவர்களை அந்தப் பக்கம் சாய்த்தது? பதில் எதுவானாலும் வாதாடாதீர்கள். இரண்டாவது, “மூட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்” என்று வரலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உடனே மறுபடி துரத்தத் தொடங்கிவிடுவார்கள். “சரி ஐயா, எது முடிந்த பிறகு நான் பேசட்டும்?” என்று கேளுங்கள். தேதியைவிட நிகழ்ச்சியைக் கேட்பது நல்லது: வங்கிக் கடன் வந்த பிறகு, புது ஷெட் கூரை போட்ட பிறகு, ஆவணி பிறந்த பிறகு. அவர் ஏதாவது ஒன்றைச் சொன்னால் அது உண்மையான தாமதம். ஒன்றும் சொல்லாமல் “பார்க்கலாம்” என்றால் பழைய ‘பார்க்கலாம்’தான், கோப்பு மூடியபடியே இருக்கட்டும்.

ஆவணியைப் பற்றி உங்கள் காதில் மட்டும் போட்டு வைக்கிறேன். ஒரு இயந்திரத்தை வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால், வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுக்குப் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம் என்றால் அது 7.5 ஆகிவிடும். மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் தொடக்கத்துக்குள் இயந்திரம் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு டெலிவரி ஆறு வாரம், பொருத்த ஒரு வாரம் என்றால், ஆர்டர் ஆகஸ்ட் நடுவில் வர வேண்டும். ஆடி முடிவதும் அப்போதுதான். லாபத்தில் ஓடும் ஆலையாக இருந்தால் அவர்களின் ஆடிட்டர் இதைச் சொல்லக்கூடும். அந்த நேரத்தில் அவர்களே அழைத்தால் தயாராக இருக்க, உங்கள் தயாரிப்பு நிறுவனத்தின் டெலிவரிக் காலத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைக் கடைசிச் செய்தியில் எழுதாதீர்கள். உண்மையான விவரம்தான், ஆனாலும் முடித்து வைக்கிறேன் என்று சொல்லும் இடத்தில் ‘சீக்கிரம்’ என்று பின்னாலிருந்து தள்ளுவதாகிவிடும்.

மூன்றாவது, பதிலே வராமல் போகலாம். பெரும்பாலும் அதுதான் நடக்கும். அதற்குத் தயாராக இருங்கள். அப்போது செய்ய வேண்டியது உங்கள் அலுவலகத்துக்குள்தான். மாத ஆய்வுப் பட்டியலில் இந்த 13.4 லட்சத்தை ‘வரக்கூடியது’ என்ற வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இது உங்கள் மேலாளருக்குப் பிடிக்காது. பட்டியல் நீளமாக இருப்பது அவருக்கும் தெம்பு. ஆனால் வராத ஆர்டரை வைத்து ஆகஸ்ட் இலக்கைக் கணக்கிட்டால், குறைவதை ஆகஸ்ட் கடைசியில்தான் கண்டுபிடிப்பீர்கள். அப்போதுதான் பொய்யான தேதிகளும் அவசரத் தள்ளுபடிகளும் பிறக்கின்றன. கோப்பின் மேல் மூன்று விஷயம் எழுதுங்கள்: மூடிய தேதி, நமக்குத் தெரிந்தவரை காரணம், எது நடந்தால் இந்தப் பேச்சு மறுபடி உயிர்பெறும். கடைசியில் ‘பழைய கம்ப்ரசர் பழுது’ என்று எழுதலாம். பழைய ஸ்க்ரூ கம்ப்ரசரில் தேய்ந்த பேரிங் ஒரு நாள் சத்தம் போடத் தொடங்கும். அந்தச் சத்தத்தை முதலில் கேட்பவர் ஃபோர்மேன்.

எனக்குத் திரும்பி வந்தவர்களில் பலரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். கரூர்ப் பக்கம் ஒரு ஆலை, நான் கோப்பை மூடிப் பதினான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு இரவு அழைத்தது. “ஹெட் ஜாம் ஆகிவிட்டது. உங்களிடம் அறை அளவு இருக்கிறதல்லவா?” என்றார் ஃபோர்மேன். நான் எழுதிய மற்ற எதுவும் அவருக்கு நினைவில்லை. அந்த ஒரு வரிதான் நினைவிருந்தது. விலை முதலில் சொன்னதைவிடக் கூடியிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

உங்களுக்கு ஆர்டர் அழைப்பு வராமல், பழைய கம்ப்ரசருக்கு எண்ணெயோ ஃபில்டரோ வேண்டும் என்று சின்ன அழைப்பு ஒன்று வந்தாலும் வரலாம். அன்றைக்கே ஆளை அனுப்புங்கள், வழக்கமான கட்டணம் வாங்குங்கள். போகும் மெக்கானிக்கிடம், பழைய விலைப்புள்ளியைப் பற்றி அங்கே வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.